வீட்டு அடித்தளத்துக்குக் கரையான் தடுப்பு: மருந்து, அளவு, உத்தரவாதம் ஆகியவற்றை எழுத்தில் வைப்பது எப்படி?

புது வீட்டுக்கான மதிப்பீட்டுப் பட்டியலில் கரையான் தடுப்பு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. “ஆன்டி டெர்மைட் ட்ரீட்மென்ட், மொத்தமாக இவ்வளவு ரூபாய், பத்து வருட கியாரண்டி” என்று இருக்கும். எந்த மருந்து, எத்தனை லிட்டர், எந்தெந்தக் கட்டத்தில், எந்த இடத்தில் என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த வரியில் விடை இல்லை. மருந்து மண்ணுக்குள் போய்விட்ட பிறகு, போதுமான அளவு ஊற்றப்பட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே கான்கிரீட் விழுந்த பிறகு திரும்பச் செய்யவேண்டுமானால் தரையில் துளை போடவேண்டும். ஆகவே முதன்முறையாக வீடு கட்டுபவர்களும், கட்டுமானத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளர்களும் இந்த ஒரு வரியை எப்படி முழுமையான விவரக்குறிப்பாக மாற்றலாம் என்பதை, இங்கே ஒரு வீட்டின் கணக்கோடு படிப்படியாக விளக்குகிறேன்.

இந்தியாவில் இதற்கான அடிப்படை ஆவணம் ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலை. அதன் இரண்டாம் பகுதி, கட்டும்போதே செய்யும் மருந்துத் தடுப்பைப் பற்றியது. இங்கே நான் பின்பற்றுவது அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. கட்டி முடித்த வீட்டில் துளையிட்டு மருந்து செலுத்தும் முறை மூன்றாம் பகுதியில் வருகிறது. ஒப்பந்தத்தில் “ஐ.எஸ். 6313 பகுதி 2இன்படி” என்று எழுதுவது நல்ல தொடக்கம்தான். ஆனால் அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், தளத்தில் இருக்கும் மேஸ்திரிக்கும் மருந்து தெளிப்பவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியப்போவதில்லை. அளவுகளை எடுத்து வெளிப்படையாக எழுதவேண்டும்.

தடுப்பு எங்கே இருக்கவேண்டும்

நம் வீடுகளைத் தாக்கும் கரையான்களில் பெரும்பாலானவை மண்ணில் கூடு கட்டி வாழ்பவை. அவற்றுக்கு ஈரம் வேண்டும். அதனால் மண்ணோடு தொடர்பை விடாமல், மண் குழாய் போன்ற பாதைகளை அமைத்துக்கொண்டு நிலைச்சட்டம், கப்போர்டு, பேப்பர் என்று தேடி வருகின்றன. கான்கிரீட்டையோ செங்கல்லையோ அவை தின்பதில்லை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் காய்ந்து சுருங்கிய மெல்லிய இடுக்கு, குழாய் தரையைத் துளைத்து வரும் இடம், கட்டுவேலையில் கலவை சரியாக நிரம்பாத இணைப்பு ஆகியவையே அவற்றின் வழிகள். எனவே கட்டடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மண் முழுவதும், இடைவெளி இல்லாமல், மருந்து ஏறியதாக இருக்கவேண்டும் என்பதே இந்த வேலையின் நோக்கம். நூறு சதுர மீட்டரை நன்றாக நனைத்துவிட்டு ஒரு மூலையை விட்டுவிட்டால், அந்த மூலை வழியாக வருவதற்கு அவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. பரப்பளவு சதவீதத்தை வைத்து “தொண்ணூறு பங்கு முடிந்துவிட்டது” என்று இந்த வேலையில் சொல்ல இயலாது.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான் என்று ஒரு வகை உண்டு. அதற்கு மண் தொடர்பு தேவையில்லை. பழைய மரச்சாமானோடோ சரியாகப் பதப்படுத்தாத நிலைச்சட்டத்தோடோ வீட்டுக்குள் வந்துவிடும். அடித்தளத்தில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அதைத் தடுக்காது. உத்தரவாதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

மருந்தைத் தேர்வு செய்வது

2013 பதிப்பில் மூன்று மருந்துகள் உள்ளன. பெயரோடு வரும் இ.சி. என்பது தண்ணீரில் பால்போல் கலக்கும் திரவ வடிவம், எஸ்.சி. என்பது நுண்துகள்கள் மிதக்கும் திரவ வடிவம். குளோர்பைரிபாஸ் 20 சதவீத இ.சி. என்றால், தெளிக்கும் கரைசலில் 1 சதவீத வீரியம் இருக்கவேண்டும். அதாவது ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர். பைபென்த்ரின் 2.5 சதவீத இ.சி. என்றால் 0.05 சதவீதம், ஒரு லிட்டர் கரைசலுக்கு 20 மில்லி. இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத எஸ்.சி. என்றால் 0.075 சதவீதம், லேபிளில் லிட்டருக்கு 2.1 மில்லி என்று குறிக்கப்பட்டிருக்கும். கலவை விகிதத்தில் ஐயம் வந்தால், டப்பாவின் மேலுள்ள லேபிளே இறுதி ஆதாரம்.

எந்த மருந்தை எழுதுவது என்று கேட்டால், முதலில் அவை வேலை செய்யும் விதத்தைப் பார்க்கவேண்டும். பைபென்த்ரின் கரையானை விரட்டும் தன்மை உள்ளது. மண் துகளோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் எளிதில் நகராது. ஆனால் தடுப்பில் இடைவெளி இருந்தால், விரட்டப்பட்ட கரையான் அந்த இடைவெளியைத் தேடிப் போகும். இமிடாகுளோப்ரிட் இருப்பதைக் கரையான் உணர்வதில்லை. அதன் வழியாகவே நடந்து, தன் உடலில் ஏற்றிக்கொண்டு, கூட்டில் உள்ள மற்றவற்றுக்கும் கடத்துகிறது. ஆனால் அது தண்ணீரில் ஓரளவு கரையும் என்பதால், மழைநீர் தேங்கி ஓடும் இடங்களில் கவனம் தேவை. குளோர்பைரிபாஸ் நீண்டகாலமாகப் பழகிய, விலை குறைந்த மருந்து, வாடை கடுமையானது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது விரைவாகச் சிதையும். மேலும், 2025ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்கப்படவேண்டிய பொருள்களின் பட்டியலில், சில விலக்குகளுடன், குளோர்பைரிபாஸ் சேர்க்கப்பட்டுள்ளது. குடும்பம் குடியிருக்கப்போகும் சாதாரண வீட்டுக்கு என் தேர்வு இமிடாகுளோப்ரிட். கிணறோ ஆழ்துளைக் கிணறோ சுவரை ஒட்டி இருந்தால், எந்த மருந்தானாலும் அந்தப் பக்கத்தில் எப்படிச் செய்வது என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளவேண்டும். குடிநீர் கெடுவதைவிடக் கரையான் வருவது சிறிய இழப்பு.

பட்டியலில் “குளோர்பைரிபாஸ் அல்லது லிண்டேன்” என்று இருந்தால், அது பழைய ஆவணத்திலிருந்து அப்படியே நகலெடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். லிண்டேன் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், குளோர்டேன் ஆகியவையும் அப்படியே. அந்த வரியை அடித்துவிட்டு ஒரே ஒரு மருந்தின் பெயரை, அதன் வீரிய சதவீதத்தோடு எழுதச் சொல்லுங்கள். “அல்லது அதற்கு இணையானது” என்ற சொற்களுக்கு இங்கே இடமளிக்கவேண்டாம்.

ஒரு வீட்டின் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, வெளி அளவு 12 மீட்டருக்கு 9 மீட்டர் உள்ள ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். காலம், அதாவது கான்கிரீட் தூண், அதோடு பீம் வைத்த கட்டடம். தரைமட்டத்துக்குக் கீழே உள்ள பீம்களின் வாய்க்கால் அரை மீட்டர் ஆழம். பேஸ்மென்ட், அதாவது பிளின்த், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம். அதில் 45 சென்டிமீட்டர் வரை மண் நிரப்பி, மீதியில் மணலும் கான்கிரீட்டும் டைல்ஸும் வரும். வெளிச்சுற்று 42 மீட்டர். உள்சுவர்களின் மொத்த நீளம் 24 மீட்டர்.

முதல் கட்டம், பீம் வாய்க்கால். கருங்கல் அல்லது செங்கல் அடித்தளமாக இருந்தால், தோண்டிய குழியின் அடியையும், பக்கங்களை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கும், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் நனைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும். நம் எடுத்துக்காட்டில் காலமும் பீமும் செறிவான கான்கிரீட். அதைக் கரையான் துளைக்காது. அதனால் ஆழமான காலம் குழிகளின் அடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்றும், தரைமட்டத்துக்குக் கீழே 50 சென்டிமீட்டரிலிருந்து தொடங்கினால் போதும் என்றும் ஐ.எஸ். சொல்கிறது. அந்த ஆழத்தில் கிடைமட்டப் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். பீமை ஒட்டி மூடும் மண்ணுக்கு, பீமின் செங்குத்துப் பரப்பைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர்.

வாய்க்கால் 60 சென்டிமீட்டர் அகலம், மொத்தம் 66 மீட்டர் நீளம் என்றால், அடிப்பரப்பு ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதற்கு 200 லிட்டர். செங்குத்துப் பரப்பு, 66 மீட்டரை இரு பக்கங்களுக்குமாக இரட்டித்து, அரை மீட்டர் உயரத்தால் பெருக்கினால் 66 சதுர மீட்டர். அதற்கு 495 லிட்டர்.

இந்த 495 லிட்டர்தான் தளத்தில் பெரும்பாலும் காணாமல் போகிறது. காரணம், குழியை மூடுவது ஒரு நாளில் அவசரமாக நடந்துவிடும். மருந்துக்காரர் மறுநாள் வந்து, மூடிய மண்ணின் மேல் மட்டும் தெளித்துவிட்டுப் போவார். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டும்போதே, ஒவ்வோர் அடுக்கிலும் கரைசலைச் சுவரை நோக்கி ஊற்றுவதே சரியான முறை. மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவதானால், அது முடிந்தபின் சுவரை ஒட்டியே 15 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து வீதம் கம்பியால் குத்தி, அந்தத் துளைகள் வழியாக மருந்து இறங்குமாறு செய்யவேண்டும். குழி மூடும் தேதியை மருந்துக்காரருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது யாருடைய பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதுவது, இந்தக் கட்டத்தைக் காப்பாற்றுகிறது.

இரண்டாம் கட்டம், பிளின்த் மண்ணின் மேற்பரப்பு. சுவர்களைக் கழித்தால் ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 465 லிட்டர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்பது, தரை முழுவதும் 5 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் அளவு. கிராவலில் அது உடனே இறங்கிவிடும். களி கலந்த மண்ணிலோ பளபளவென்று மேலேயே தேங்கி, சரிவான பக்கம் ஓடி, ஒரு மூலையில் குட்டையாக நிற்கும். இதைத் தவிர்க்கத்தான், மருந்து ஊற்றும் முன் கடப்பாரையால் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இரு திசையிலும் குத்தச் சொல்கிறார்கள். மருந்து ஊற்றிய பிறகு தரையைப் பார்த்தால், குத்திய குழிகளில் கரைசல் நின்று மெதுவாக இறங்குவது தெரியவேண்டும். குழிகளே இல்லாமல் மேற்பரப்பு மட்டும் நனைந்திருந்தால், அங்கே தரையைத் துடைத்த அளவுக்குத்தான் வேலை நடந்திருக்கிறது.

மூன்றாம் கட்டம், சுவரும் தரையும் சேரும் கோடு. பிளின்த் மேற்பரப்போடு சேர்த்து அதே நாளில் செய்யலாம். ஆனால் தனியாக அளக்கவேண்டும். சுவர், காலம் ஆகியவற்றை ஒட்டி 3 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள சிறு வாய்க்கால் வெட்டி, அதனுள் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கம்பியைத் தரைமட்டம் வரை இறக்கி, முன்னும் பின்னுமாக ஆட்டி மண்ணை நெகிழ்த்தி, மருந்து ஊற்றவேண்டும். உள்முகங்களின் நீளம், வெளிச்சுவரின் உட்பக்கத்தையும் உள்சுவர்களின் இரு முகங்களையும் சேர்த்து, சுமார் 90 மீட்டர். 45 சென்டிமீட்டர் உயரத்தால் பெருக்கினால் 40.5 சதுர மீட்டர், 7.5 லிட்டர் வீதம் ஏறத்தாழ 304 லிட்டர். பல விலைப்பட்டியல்களில் இந்தக் கட்டம் அறவே இருப்பதில்லை. கரையான் வருவதற்கு மிக எளிய வழி இந்தக் கோடுதான் என்பதால், ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நேரில் நின்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் பாருங்கள் என்பேன். கம்பி உண்மையிலேயே 45 சென்டிமீட்டர் இறங்குகிறதா என்று பார்க்க, கம்பியில் அந்த அளவில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால் போதும்.

தரையைத் துளைத்து வரும் குழாய்கள், வயர் பைப்புகள் ஆகியவற்றைச் சுற்றி 15 சென்டிமீட்டர் தூரத்துக்கும் 7.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் மண்ணைக் கிளறிவிட்டு அங்கும் மருந்து ஊற்றவேண்டும். அதற்கு முன் பிளம்பர் தன் வேலையை முடித்திருக்கவேண்டும்.

நான்காம் கட்டம், வெளிச்சுற்று. வீடு முடிந்து, வெளிமண் மட்டப்படுத்தப்பட்ட பிறகு, சுவரை ஒட்டி 15 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 30 சென்டிமீட்டர் ஆழம். 42 மீட்டரை 0.3 மீட்டரால் பெருக்கினால் 12.6 சதுர மீட்டர், 7.5 லிட்டர் வீதம் 95 லிட்டர். மீட்டருக்கு 2.25 லிட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. வெளியே கொட்டி நிரப்பிய மண் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், பழைய தரைமட்டம் வரை துளை இறங்கவேண்டும். சிமென்ட் நடைபாதை போடும் முன் இது முடிந்திருக்கவேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 1,560 லிட்டர் கரைசல் வருகிறது. இதுவே உங்கள் கையில் இருக்கவேண்டிய மிக முக்கியமான எண். 200 லிட்டர் டிரம்மில் கலக்கினால் கிட்டத்தட்ட எட்டு டிரம். டப்பாவில் உள்ள மருந்தாகச் சொன்னால், இமிடாகுளோப்ரிட் 3.3 லிட்டர், பைபென்த்ரின் 31 லிட்டர், குளோர்பைரிபாஸ் 78 லிட்டர். இந்த அளவு மருந்து தளத்துக்கு வரவேயில்லை என்றால், விவரக்குறிப்பின்படி வேலை நடந்திருக்க வாய்ப்பில்லை. பிளின்த் மேற்பரப்பு முழுவதையும் ஒரே டிரம்மில் முடித்துவிட்டார்கள் என்றால், சதுர மீட்டருக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் போயிருக்கிறது, பாதிகூட இல்லை.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் விலைகளை ஒப்பிடும்போதும் இந்த எண்ணையே பயன்படுத்துங்கள். “உங்கள் விலையில் மொத்தம் எத்தனை லிட்டர் கரைசல் அடங்கியிருக்கிறது?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டால், மிகக் குறைந்த விலை சொன்னவர் எந்தக் கட்டத்தை விட்டிருக்கிறார் என்பது பெரும்பாலும் அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

வேலை நடக்கும் நாளில்

மருந்து ஊற்றும் முன், குழியிலும் நிரப்பிய மண்ணிலும் கிடக்கும் மரத்துண்டுகள், வேர்கள், அடிக்கட்டைகள், மட்டக்குச்சிகள், சென்ட்ரிங் பலகைத் துண்டுகள் ஆகிய எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கவேண்டும். பிளின்த் மண்ணுக்குள் புதைந்த ஒரு பலகைத் துண்டு கரையானுக்கு நாமே வைத்த உணவு. சிமென்ட் மூட்டைக் காகிதங்களையும் அதற்குள் போட்டு மூட விடக்கூடாது.

மண்ணின் ஈரம் அடுத்தது. மழையில் ஊறிய மண்ணோ, ஊற்றுநீர் கசியும் குழியோ மருந்தை உறிஞ்சாது. அந்நிலையில் வேலையைத் தள்ளிப்போடவேண்டும். பிளின்த் மண்ணைத் தண்ணீர் கட்டி இறுக்குவது நம் பக்கத்து வழக்கம் என்பதால், அதற்குப் பிறகு மண் காய்ந்து, கையால் பிடித்தால் உதிரும் நிலைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதற்குப் பல நாள்கள் ஆகலாம். வேலை அட்டவணையில் அந்த இடைவெளியை முதலிலேயே விட்டு வையுங்கள்.

டப்பாக்கள் சீல் உடைக்காமல் தளத்துக்கு வரவேண்டும். உங்கள் முன்னிலையில்தான் திறக்கப்படவேண்டும். வேறெங்கோ கலக்கிக் கேனில் கொண்டுவரும் கரைசலை ஏற்காதீர்கள், ஏனெனில் அதில் எத்தனை சதவீதம் மருந்து இருக்கிறது என்று தளத்தில் யாராலும் சொல்ல முடியாது. மருந்தின் பெயர், வீரியம், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவை தெரியும்படி ஒவ்வொரு டப்பாவையும் போட்டோ எடுத்து வையுங்கள். டிரம்மில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு, அளவுக் குவளையில் மருந்தை அளந்து கலக்கட்டும். காலியான டப்பாக்களை அன்றைய வேலை முடியும்வரை எண்ணி வைத்து, பிறகு மறுபடி யாரும் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்தாதபடி துளையிட்டு அவர்களிடமே ஒப்படைக்கவேண்டும்.

தெளிப்பவர்கள் கையுறை, முகமூடி, பூட்ஸ் அணிந்திருப்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதுங்கள். வெறுங்கையால் மருந்தைக் கலக்கிவிட்டு அதே கையோடு சாப்பிட உட்காரும் தொழிலாளர்களை எத்தனையோ தளங்களில் காணலாம்; அந்த உடல்களுக்கு நேரும் தீங்கும் நம் வீட்டுக் கணக்கில்தான் சேரும். கை கழுவச் சோப்பும் தனித் தண்ணீரும் தளத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் ஆடு மாடுகளும் அன்று தளத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கரைசல் முழுவதும் உறிஞ்சப்பட்டு மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் மேலே மணலோ கான்கிரீட்டோ போடவேண்டும். அதே சமயம் பல நாள்கள் வெயிலிலும் மழையிலும் திறந்து வைக்கவும் கூடாது. மருந்து ஏறிய மண்ணை அதன்பின் யாரும் தோண்டக்கூடாது. நடைமுறையில் இதை மீறுபவர் பெரும்பாலும், மறந்துபோன ஒரு கழிவுநீர்க் குழாய்க்காகத் திரும்பி வரும் பிளம்பர்தான். தோண்ட நேர்ந்தால், தோண்டிய நீளத்துக்கு மட்டும் மறுபடி மருந்து ஊற்றிய பிறகே மூடவேண்டும் என்றும், அதற்கு மருந்துக்காரர் இன்ன தொகைக்கு வந்து செய்து தரவேண்டும் என்றும் முன்பே எழுதிக்கொண்டால், அந்தச் சிறு வேலைக்காக யாரும் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு சிறிய பதிவுத் தாள் வேண்டும். தேதி, கட்டம், அளந்த பரப்பு, ஊற்றிய லிட்டர், திறந்த டப்பாக்களின் பேட்ச் எண், மண்ணின் நிலை, இரு தரப்புக் கையெழுத்து. இவ்வளவுதான். நான்கு கட்டங்களுக்கும் நான்கு தாள்கள். பணத்தையும் இந்த நான்கு தாள்களோடு இணைத்து நான்கு தவணையாகக் கொடுப்பது நல்லது. கடைசித் தவணை வெளிச்சுற்று முடிந்த பிறகு. முழுத் தொகையையும் பிளின்த் கட்டத்திலேயே வாங்கிவிட்டவர், பல மாதங்கள் கழித்து வெளிச்சுற்றுக்காகத் திரும்பி வருவது அரிது.

உத்தரவாதத்தில் என்ன எழுதப்படவேண்டும்

பத்து ஆண்டு உத்தரவாதம் என்பது வழக்கமாகிவிட்டது. அதை மருந்தின் ஆயுள் என்று எண்ணிவிடக்கூடாது. மண்ணில் மருந்தின் வீரியம், மண்ணின் தன்மை, ஈரம், வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து ஆண்டுதோறும் குறையும். பத்தாம் ஆண்டிலும் போதிய அளவு இருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. உத்தரவாதம் என்பது, அந்தக் காலத்துக்குள் மண்ணிலிருந்து கரையான் வந்தால் தன் செலவில் வந்து மறுபடி மருந்து செலுத்தித் தருவேன் என்ற சேவை வாக்குறுதி மட்டுமே. எனவே அந்தச் சேவையின் விவரங்களே எழுதப்படவேண்டும்.

உத்தரவாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்பது முதலாவது. பிளின்த் மருந்திட்ட நாளிலிருந்து என்றால், வீடு கட்டி முடிக்க ஆகும் காலம் அதில் கழிந்துபோகும். வெளிச்சுற்று முடிந்து, இறுதிச் சான்று தரும் நாளிலிருந்து என்று எழுதச் சொல்லுங்கள். புகார் கொடுத்தால் எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்பது அடுத்தது. பார்வையிட ஏழு நாள், மருந்திட்டு முடிக்கப் பதினைந்து நாள் என்பது நியாயமான அளவு. மறுமருந்திடும்போது டைல்ஸில் துளை போட்டால், அதை அடைத்துச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். கரையான் தின்ற மரவேலையின் இழப்பை இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஏற்கமாட்டார்கள் என்றால், அதை அவர்களே தெளிவாக எழுதித் தரட்டும். பின்னால் வாய்த்தகராறு இருக்காது.

எந்தெந்தக் காரணங்களால் உத்தரவாதம் இரத்தாகும் என்ற பகுதியைப் பொறுமையாகப் படிக்கவேண்டும். உலர்மரக் கரையானுக்குப் பொருந்தாது என்பது நியாயமான விலக்கு. பின்னாளில் கட்டும் போர்டிகோ, மாடிப்படி போன்ற இணைப்புகளுக்கு அவற்றைக் கட்டும்போது தனியாக மருந்திடவேண்டும் என்பதும் நியாயமே. சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி அமைத்து, மண்ணைப் பிளின்த் மட்டம் வரை ஏற்றினால், கரையான் மருந்து ஏறிய மண்ணைத் தொடாமலேயே வெளிச்சுவர் வழியாக ஏறிவிடும். அதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல இயலாது. ஆனால் “கட்டடத்தில் எந்த மாற்றம் செய்தாலும் உத்தரவாதம் முழுவதும் இரத்து” என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். மாற்றம் நடந்த பகுதிக்கு மட்டும் இரத்து என்று திருத்தச் சொல்லுங்கள். ஆண்டுப் பரிசோதனைக்குக் கட்டணம் செலுத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்ற நிபந்தனை இருந்தால், அந்தப் பத்து ஆண்டுக் கட்டணத்தையும் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

ஆவணம் முத்திரைத்தாளில், நிறுவனத்தின் உரிம எண்ணோடு இருக்கட்டும். 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் தேவை. உரிமத்தின் நகலை வேலைக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை விற்றால் புதிய உரிமையாளருக்கும் உத்தரவாதம் செல்லும் என்ற ஒரு வரியும், நான்கு பதிவுத் தாள்களும் இதன் இணைப்புகள் என்ற ஒரு வரியும் சேரட்டும். அந்தத் தாள்கள் இணைந்திராத உத்தரவாதத்தில், பிற்காலத்தில் எதையும் நிறுவ உங்களிடம் ஆதாரம் இருக்காது.

ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டிய பத்தி, நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு, ஏறத்தாழ இப்படி அமையும்:

“ஐ.எஸ். 6313 பகுதி 2 (2013) முறைப்படி, இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத எஸ்.சி. மருந்தை 0.075 சதவீத வீரியத்தில் கலந்து, பீம் வாய்க்கால் அடிப்பரப்பு மற்றும் பிளின்த் மண் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டரும், பீமின் இரு பக்க மூடுமண், சுவர்–தரை இணைப்பு, வெளிச்சுற்று ஆகியவற்றுக்குச் செங்குத்துப் பரப்பின் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டரும் செலுத்தவேண்டும். மொத்தக் கரைசல் 1,560 லிட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். மருந்து சீலிட்ட டப்பாக்களில் தளத்துக்கு வந்து, உரிமையாளர் அல்லது அவருடைய பொறியாளர் முன்னிலையில் திறந்து கலக்கப்படவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்திட்ட பதிவு தரப்படவேண்டும். அந்தப் பதிவின்றி அந்தக் கட்டத்துக்கான தொகை வழங்கப்படாது.”

குடிபுகுந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்தவுடன், வெளிச்சுவரின் அடிப்பகுதி, நிலைச்சட்டங்களின் கால்கள், கழிவறைக் குழாய் வரும் இடங்கள், மாடிப்படியின் அடிப்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சில் பருமனில் மண் கோடு தெரிந்தால், உடனே துடைத்துவிடத் தோன்றும். துடைக்கவேண்டாம், கடையில் வாங்கிய ஸ்பிரேயையும் அடிக்கவேண்டாம். போட்டோ எடுத்துவிட்டு, கோட்டின் நடுவில் ஒரு விரற்கடை மட்டும் உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை நிறப் பூச்சிகள் நகர்ந்தாலோ, உடைத்த இடம் இரண்டொரு நாளில் மறுபடி மண்ணால் மூடப்பட்டாலோ, பாதை உயிரோடு இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வருபவர் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்துதான் கரையான் எந்த இடுக்கின் வழியாக மண்ணிலிருந்து ஏறியது என்பதைக் கண்டுபிடித்து, அங்கே துளையிட்டு மருந்து செலுத்த முடியும்.